நாலு பேர் சொன்னதை அரை நிமிடத்துக்குள் அடக்குவது எப்படி?

மோட்டர்க்காரன் · 2025 ஓகஸ்ட் 4, இரவு 9.40

நானும் தம்பியும் கிணறு இறைப்பது, தண்ணித் தாங்கி கழுவுவது, மோட்டர் திருத்துவது என்று மூன்று வேலையும் செய்கிறோம். ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு மோட்டர், ஒரு ஏணி. இவ்வளவுதான் கொம்பனி. நல்லூர்க் கொடியும் ஏறிவிட்டது, வெளிநாட்டு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். கிணறும் இப்போது வற்றிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் ஒரு விளம்பரம் விட்டால் நல்லது என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவும் ஓட்டோவில் கட்டி ஓடவிடவும் ஒரே ஒலிப்பதிவு, அரை நிமிடம்.

வேலை முடிந்தவர்கள் அனுப்பியது எல்லாம் போனில் இருக்கிறது. அதை எல்லாம் சேர்த்து ஒரே ஆள் கதைக்கிற மாதிரி எழுதுவதா, ஒவ்வொருவராகப் போடுவதா? சொன்ன மாதிரியே கீழே தருகிறேன். பெயர்கள் வேண்டாம்.

கோண்டாவில், இளைப்பாறிய ரீச்சர், குரல் பதிவு: "ரெண்டு மூண்டு பேரிட்டைச் சொல்லி வைச்சனான், ஒருத்தரும் வரேல்லை. இந்தத் தம்பி காலமை ஏழு மணிக்கு வாறன் எண்டவர், ஏழுக்கு முதலே கேற்றடியிலை நிண்டவர். தாய் தகப்பன் நல்லா வளர்த்திருக்கினம்."

மானிப்பாய், கடைக்காரர், குரல் பதிவு: "முந்தி வந்தவர் மோட்டரையே மாத்தோணும் எண்டவர். இவை பாத்திட்டு, மோட்டர் நல்லாத்தான் இருக்கு, அடியிலை வால்வுதான் பழுது எண்டு அதை மட்டும் மாத்தினவை. சொன்ன காசுதான் எடுத்தவை."

இணுவில், ஒரு அக்கா, எழுதி அனுப்பியது: "ஒரு நாள் பிந்தித்தான் வந்தவை. ஆனா கிணத்தடி முழுக்கச் சேறாகும் எண்டு பயந்தனான், போகேக்கை கழுவி விட்டிட்டுப் போனவை."

கடற்கரைப் பக்கம், ஒரு ஐயா, குரல் பதிவு: "இவை இறைச்சாப் பிறகு கிணத்திலை உப்பே இல்லை. இப்ப தேத்தண்ணி குடிக்கலாம்."

உரும்பிராய் வீடு, ஆள் கனடாவில்: "அப்பா அம்மாவும் எங்களோடை வந்திட்டினம், வீடு பூட்டித்தான் கிடக்கு. தாங்கி கழுவ முதலும் கழுவின பிறகும் வீடியோ எடுத்து அனுப்பினவை. நேரிலை நிண்ட மாதிரி இருந்தது."

சுன்னாகம்: "சூப்பர் சேவை. நன்றி தம்பி."

இன்னொன்று என் மச்சாள் எழுதியது. நீளம். அதைப் போடவில்லை.

என் கண்ணுக்கு உப்புக் கதைதான் எல்லாவற்றிலும் பெரிது. அதை முதலில் போட்டால் போன் ஓயாமல் அடிக்கும்.

ஸ்காபரோ மாமா · ஓகஸ்ட் 4, இரவு 11.15

தம்பி, ஒரே ஆளாக்கிவிடுங்கள். "நேரத்துக்கு வந்தார்கள், நியாயமான காசு, சுத்தமான வேலை, உப்பும் போய்விட்டது" என்று ஒரு அம்மா சொல்வது போல. விளம்பரம்தானே, யார் வந்து எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? ஆளாளுக்கு ஒரு வரி வந்தால் கேட்கிறவனுக்கு ஒன்றும் நிற்காது. ஒரு குரல், ஒரு கதை, அதுதான் மனதில் பதியும். கலியாண வீட்டில் அறிவிப்புச் செய்கிற பெடியனைப் பிடித்தால் வயதான அம்மா குரலும் போட்டுத் தருவான்.

ஆனால் ஒன்று. கனடாவில் என்றால் சொன்னவரின் முழுப் பெயரும் போடவேண்டும், அது சட்டம். அங்கே எப்படியோ தெரியாது.

நல்லூரான் · ஓகஸ்ட் 5, காலை 6.20

எங்கள் கிணறும் இறைக்கவேண்டும். பதினெட்டு முழம், கட்டுக் கிணறு. எவ்வளவு வரும்?

கேக் அக்கா · ஓகஸ்ட் 5, காலை 10.05

நான் வீட்டில் கேக் அடித்துக் கொடுக்கிறேன். வந்த பாராட்டை எல்லாம் ஒரே படத்தில் ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டேன். எழுத்து எறும்பு அளவு. பார்த்தவர்கள் எல்லாரும் கைதட்டுகிற படம் அனுப்பினார்கள், ஓடர் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு அம்மா "முட்டை போடாமல் செய்தும் பஞ்சு மாதிரி இருந்தது, சைவக்காரர் எல்லாரும் சாப்பிட்டார்கள்" என்று எழுதியதை மட்டும் தனியாகப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். "ருசி", "அருமை" என்று எழுதியவை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் வேலைக்கு இது பொருந்துமோ தெரியாது. மோட்டருக்கு முட்டை தேவையில்லை.

பழைய அச்சுக்காரர் · ஓகஸ்ட் 5, மாலை 5.30

நான் அச்சகத்தில் நோட்டீஸ் எழுதினவன். பிறகு ஒலிபெருக்கிக்கும் நிறைய எழுதிக் கொடுத்தேன். மாமா சொன்னதில் ஒரு பாதி சரி. கேட்கிறவனுக்கு ஒரு கதையாகத்தான் வரவேண்டும். ஆளாளுக்குப் பாராட்டிக்கொண்டே போனால் மூன்றாவது ஆளோடு காது மூடிவிடும். ஆனால் அந்தக் கதையைச் சொல்ல ஒரு பொய் ஆள் தேவையில்லை. வேலை நடக்கிற ஒழுங்கே கதைதான்.

உங்களை ஒருவர் வீட்டுக்குக் கூப்பிடும்போது அவர் மனதில் என்ன ஓடும்? முதலில், சொன்னால் வருவார்களா. வந்தால், இல்லாத பழுதைச் சொல்லிக் காசு கறப்பார்களா. வேலை முடிந்தால், கிணற்றடியை நாறடித்துவிட்டுப் போவார்களா. இந்த மூன்று பயமும் இந்த ஒழுங்கில்தான் வரும். இப்போது உங்கள் வாடிக்கையாளர் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். கோண்டாவில் ரீச்சர் முதலாவதற்குப் பதில். மானிப்பாய்க் கடைக்காரர் இரண்டாவதற்கு. இணுவில் அக்கா மூன்றாவதற்கு. ஒவ்வொருவரும் ஒரு பயத்தைத்தான் போக்குகிறார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லவில்லை. மூன்று பேர், மூன்று ஊர், ஆனால் கேட்கும்போது ஒரே வேலையின் தொடக்கம், நடு, முடிவு. ஒட்டுவதற்குப் பசையே தேவையில்லை.

சுன்னாகத்துக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதைச் சலூனுக்கும் போடலாம், பல் வைத்தியருக்கும் போடலாம். அதை விடுங்கள். இனிமேல் யாரிடமாவது கேட்கும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். "எங்களைக் கூப்பிட முதல் என்ன யோசித்தீர்கள்?" என்று கேளுங்கள். இணுவில் அக்கா தானாகவே "சேறாகும் எண்டு பயந்தனான்" என்று சொன்னாரே, அந்த மாதிரிப் பதில் அப்போதுதான் வரும்.

உப்பைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தண்ணி விஷயம் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

மோட்டர்க்காரன் · ஓகஸ்ட் 5, இரவு 8.50

நல்லூரான் அண்ணை, கிணற்றைப் பாராமல் விலை சொல்ல ஏலாது. இன்பொக்ஸுக்கு வாருங்கள்.

அச்சுக்கார ஐயா, மூன்று பயம் என்று சொன்னது நல்லாய் விளங்குகிறது. ஆனால் கனடாக்காரர் சொன்ன வீடியோக் கதையை விட மனம் வரவில்லை. இந்த மாதம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த மாதிரி ஆட்கள்தானே?

தண்ணிக்கணக்கு · ஓகஸ்ட் 6, காலை 7.10

நீர்ப்பாசனத்தில் வேலை செய்து இளைப்பாறினவன். உப்புக் கதை ஒருக்காலும் போடக்கூடாது. காரணம் சொல்கிறேன்.

கிணறு இறைத்தால் சேறு போகும், இலை குழை போகும், மணம் போகும். உப்புப் போகாது. எங்கள் குடாநாட்டில் நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர் நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே குறைந்தால் கீழே உவர் அந்த அளவுக்கு ஏறப் பார்க்கும். கடற்கரைப் பக்கம் அந்த நன்னீர்ப் படை மெல்லியது. அங்கே மோட்டரைப் போட்டு ஒரேயடியாய் இறைத்தால் உப்புக் குறையாது, கூடத்தான் செய்யும்.

அந்த ஐயாவின் கிணறு எந்த மாதம் இறைத்தது? அவர் எப்போது உப்பில்லை என்று சொன்னார்?

மோட்டர்க்காரன் · ஓகஸ்ட் 6, மதியம் 1.25

போனில் திகதி பார்த்தேன். இறைத்தது போன வருடம் செப்ரெம்பர் கடைசி. அவர் குரல் அனுப்பியது டிசெம்பர் நடுப்பகுதி.

தண்ணிக்கணக்கு · ஓகஸ்ட் 6, மதியம் 2.00

அப்போ உப்பைக் குறைத்தது மாரி மழை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீர் ஏறியிருக்கும். ஐயா பொய் சொல்லவில்லை, அவர் குடித்த தேத்தண்ணியில் உப்பில்லைத்தான். ஆனால் நீங்கள் அதைப் போட்டால், இந்த ஓகஸ்டில் குருநகரிலோ நாவாந்துறையிலோ ஒருவர் உப்புப் போகும் என்று நம்பிக் காசு தந்து இறைப்பிப்பார். இறைத்த அடுத்த நாள் வாயில் வைத்துப் பார்ப்பார். பிறகு உங்கள் போன் ஓயாமல்தான் அடிக்கும், நீங்கள் நினைத்த காரணத்துக்கு அல்ல.

வழக்குக்கட்டு · ஓகஸ்ட் 6, இரவு 7.45

சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்து வேலை செய்கிறேன். சட்டத்தரணி அல்ல, ஆகவே இதை ஆலோசனையாக எடுக்கவேண்டாம்.

இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அதன் 30ஆம் பிரிவு, வியாபாரம் செய்கிறவர் பாவனையாளரைப் பிழையாக வழிநடத்துகிற, அல்லது வழிநடத்தக்கூடிய விதத்தில் நடக்கக்கூடாது என்கிறது. "வாடிக்கையாளர்தானே சொன்னார், நான் சொல்லவில்லையே" என்பது இதில் பெரிய சாட்டு ஆகாது. அவர் சொன்னதைத் தெரிந்தெடுத்து ஓட்டோவில் கட்டி ஓடவிட்டது நீங்கள்.

இல்லாத ஒரு அம்மாவை உண்டாக்கி நாலு பேர் சொன்னதை அவர் வாயில் வைப்பதும் இதே பிரச்சினைதான். நாலும் உண்மையாக இருந்தாலும், ஒரே வீட்டில் நாலும் நடந்தது என்பது பொய்.

மாமாவுக்கு: கனடாவில் முழுப் பெயர் போடவேண்டும் என்று சட்டம் இல்லை. அங்கே போட்டிச் சட்டத்தில் இருப்பது வேறு. வாடிக்கையாளர் சாட்சியத்தை விளம்பரத்தில் போடுவதென்றால், அவர் அதை முன்பே சொல்லியோ வெளியிட்டோ இருக்கவேண்டும், இல்லாவிட்டால் போட முதல் அவர் பார்த்து எழுத்தில் சம்மதம் தந்திருக்கவேண்டும். நீங்கள் போடுவது அவர் சொன்னதோடு ஒத்தும் இருக்கவேண்டும்.

ஸ்காபரோ மாமா · ஓகஸ்ட் 6, இரவு 11.50

சரி சரி. இங்கே எங்கள் வீட்டுக் கூரை போட்டவன் பெயரும் படமும் கேட்டு வாங்கினான், அதனால் சட்டம் என்று நினைத்துவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். "எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்வது: நேரத்துக்கு வருவார்கள், நியாயமான காசு, சுத்தமான வேலை" என்று மொத்தமாகச் சொன்னால்? அதில் பொய் ஆள் இல்லையே?

பழைய அச்சுக்காரர் · ஓகஸ்ட் 7, காலை 6.45

அது செய்யலாம். உங்கள் குரலில் நீங்கள் சொல்கிற சுருக்கம் அது, யாருடைய வாயிலும் வைக்கவில்லை. ஆனால் காதில் நிற்காது. "நேரத்துக்கு வருவார்கள்" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். "ஏழுக்கு முதலே கேற்றடியிலை நிண்டவர்" என்று ஓட்டோவில் கேட்டால் சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கேற்றும் ஏழு மணியும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டுச் சுருக்கத்தைப் போட்டால், ரீச்சரை எடுத்துவிட்டு நோட்டீஸைப் போட்ட மாதிரி.

அதேமாதிரி ரீச்சரின் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். "அவர் வாயிலருகே நின்றிருந்தார்" என்றால் நாடகம் போல் இருக்கும். கலியாண வீட்டுப் பெடியன் கிழவிக் குரலில் கதைப்பதும் வேண்டாம். ரீச்சரின் குரலையே போடுங்கள். பின்னால் காகம் கரைகிறதா, இருக்கட்டும். சொந்தக் குரலைப் போட அவருக்கு விருப்பம் இல்லாவிட்டால் அறிவிப்பாளர் "கோண்டாவிலில் இருந்து ஒரு ரீச்சர் சொன்னது" என்று சொல்லிவிட்டுத் தன் குரலில் வாசிக்கட்டும்.

கேக் அக்கா · ஓகஸ்ட் 7, காலை 9.30

மச்சாள் எழுதியதை ஏன் விட்டீர்கள்? நீளம் என்றால் வெட்டலாமே.

மோட்டர்க்காரன் · ஓகஸ்ட் 7, காலை 9.50

மச்சாள் காசு தரவில்லை அக்கா.

வழக்குக்கட்டு · ஓகஸ்ட் 7, காலை 10.20

காசு தந்திருந்தாலும் விடுங்கள். சொந்தக்காரர் என்று சொல்லிப் போட்டால் பலன் இல்லை, சொல்லாமல் போட்டால் ஏமாற்று. கோண்டாவிலில் இருந்து மானிப்பாய்க்குள் யாருக்கு யார் மச்சாள் என்று தெரியாத ஆள் இருக்கிறாரா?

பழைய அச்சுக்காரர் · ஓகஸ்ட் 7, இரவு 8.15

கனடாக்காரரின் வீடியோக் கதை பற்றிக் கேட்டீர்கள். நல்ல கதை. ஆனால் ஓட்டோவில் "உரும்பிராயில் வீடு பூட்டிக் கிடக்கு" என்று அறிவித்துக்கொண்டு போனால் முதலில் காது கொடுப்பவன் யார் என்று யோசியுங்கள். ஊரும் பூட்டின வீடும் ஒரே வசனத்தில் வரவே கூடாது. அடுத்தது, அரை நிமிடத்துக்குள் நாலாவது ஆளுக்கு இடம் இல்லை. அதை வெளிநாட்டு ஆட்களுக்கென்று தனியாகச் செய்யுங்கள், "வீடியோ எடுத்து அனுப்பினவை, நேரிலை நிண்ட மாதிரி இருந்தது" என்ற துண்டு மட்டும், ஊர்ப் பெயர் இல்லாமல், வாட்ஸ்அப்பில் மட்டும். ஓட்டோவில் கேட்கிறவர் வீட்டில் இருக்கிறவர், அவருக்கு வீடியோ எதற்கு?

இனி நீளம். தமிழில் அரை நிமிடத்துக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து சொல்லுக்கு மேலே போனால் வாசிக்கிறவனுக்கு மூச்சு முட்டும். எங்கள் சொற்கள் நீளம். போன் இலக்கம் ஒன்றுதான், அதை ஆறுதலாகச் சொல்ல மட்டும் நாலைந்து செக்கன் போகும். போனில் நேரம் வைத்து, ஓட்டோ ஓடுகிற இடத்தில் நின்று வாசித்துப் பாருங்கள், மேசையில் இருந்து அல்ல.

வெட்டிப் பார்த்தேன்:

அறிவிப்பு: மோட்டர் தண்ணி இழுக்கேல்லையோ? கூப்பிட்டால் வருவினமோ எண்டு யோசனையோ?

கோண்டாவில் ரீச்சர்: "காலமை ஏழு மணிக்கு வாறன் எண்டவர், ஏழுக்கு முதலே கேற்றடியிலை நிண்டவர்."

மானிப்பாய்க் கடைக்காரர்: "மோட்டர் நல்லாத்தான் இருக்கு, அடியிலை வால்வுதான் பழுது எண்டு அதை மட்டும் மாத்தினவை. சொன்ன காசுதான் எடுத்தவை."

இணுவில் அக்கா: "போகேக்கை கிணத்தடியைக் கழுவி விட்டிட்டுப் போனவை."

அறிவிப்பு: கிணறு, மோட்டர், தண்ணித் தாங்கி. இலக்கம்.

மானிப்பாய்க்காரர் சொன்னதில் "முந்தி வந்தவர்" என்பதை எடுத்தேன். அவர் யார் என்று மானிப்பாயில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதை எடுத்தாலும் வால்வுக் கதை குறையவில்லை. மோட்டரை மாற்றச் சொல்லிக் காசு பறிக்கவில்லை என்பது "அதை மட்டும்" என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. ரீச்சரின் "ரெண்டு மூண்டு பேர் வரேல்லை" என்பதையும் எடுத்தேன், அதே காரணம். தாய் தகப்பன் வளர்ப்பை எடுக்கத்தான் மனம் வரவில்லை, ஆனால் இடமில்லை.

தண்ணிக்கணக்கு · ஓகஸ்ட் 8, காலை 7.30

வால்வு விஷயம் நல்லது. மோட்டர் ஓடுகிறது, தண்ணி ஏறவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது அடி வால்வுதான். அது ஒழுகினால் குழாயில் நிற்கிற தண்ணி கிணற்றுக்கே திரும்பிவிடும், பிறகு மோட்டர் காற்றைத்தான் இழுக்கும். இது தெரியாமல் மோட்டர் மாற்றினவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு வரியே உங்களுக்கு வேலை தெரியும் என்று காட்டிவிடும்.

கேக் அக்கா · ஓகஸ்ட் 8, காலை 11.00

எனக்கு ஒன்று இடிக்கிறது. இணுவில் அக்கா முதலில் "ஒரு நாள் பிந்தித்தான் வந்தவை" என்றாரே. அதை வெட்டிவிட்டு, அவருக்கு முன்னால் ரீச்சரை வைத்து "ஏழுக்கு முதலே நிண்டவர்" என்று சொல்வது சரியா? இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். சேர்த்துக் கேட்கும்போது எல்லா வீட்டுக்கும் நேரத்துக்குப் போவது போல வருகிறது.

ஸ்காபரோ மாமா · ஓகஸ்ட் 8, மாலை 6.30

விளம்பரத்தில் தன் குறையைச் சொன்னவனை நான் கண்டதில்லை. வெட்டுங்கள்.

பழைய அச்சுக்காரர் · ஓகஸ்ட் 8, இரவு 9.00

அக்கா நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஒவ்வொரு துண்டும் அவரவர் சொன்ன கருத்தை மாற்றவில்லை, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது மூன்றாவது கருத்து ஒன்று வருகிறது. வெட்டினால் பிழை என்று நான் சொல்லமாட்டேன். கிணற்றடி பற்றிச் சொன்னது கிணற்றடி பற்றித்தான். ஆனால் அறிவிப்பாளர் வாயில் "எப்போதும் நேரத்துக்கு" என்று ஒரு சொல்கூட வரக்கூடாது. மற்றதை இணுவில் அக்காவிடமே கேளுங்கள்.

எப்படியும் மூன்று பேரிடமும் கேட்கத்தான் வேண்டும். "உங்கள் கருத்தைப் போடலாமா?" என்று கேட்டால் போதாது, எல்லாரும் ஓம் என்பார்கள். வெட்டின வசனத்தை அப்படியே அனுப்பி, "ஓட்டோவிலும் வாட்ஸ்அப்பிலும் இப்படித்தான் வரும், உங்கள் ஊரும் வரும், பெயர் வராது, சரியோ?" என்று கேளுங்கள். குரல் போடுவதென்றால் அதையும் சொல்லுங்கள். வருகிற பதிலை அழிக்காமல் வையுங்கள். நீங்கள் வெட்டியது பிழையா என்பது அப்போது தானாகவே தெரியும், சொன்னவருக்கே தன் வசனம் அந்நியமாக இருந்தால் அவர் சொல்லிவிடுவார்.

மோட்டர்க்காரன் · ஓகஸ்ட் 11, இரவு 8.20

மூன்று பேருக்கும் அனுப்பினேன்.

மானிப்பாய்க் கடைக்காரர் "போடு தம்பி" என்றார், குரலும் போடலாம். கூடவே, கடையின் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்கிறார். விளம்பரம் எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

ரீச்சர் குரலுக்கு ஓம். ஆனால் "ரீச்சர்" வேண்டாமாம், படித்த பிள்ளைகள் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்களாம். "கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா" என்று போட்டால் சரியாம்.

இணுவில் அக்காவின் பதிலை அப்படியே தருகிறேன்: "நான் சொன்னதிலை பாதியைக் காணேல்லை. பிந்தி வந்ததையும் போடுங்கோ. அப்பதான் கழுவி விட்டது உண்மை எண்டு சனம் நம்பும்."

இப்போது என்ன செய்வது? அவர் ஓம் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஸ்காபரோ மாமா · ஓகஸ்ட் 11, இரவு 11.30

வேறு ஆளைப் பிடியுங்கள். இணுவிலில் ஒரு ஆள்தானா?

வழக்குக்கட்டு · ஓகஸ்ட் 12, காலை 8.10

அவர் சொன்னதுக்கு அர்த்தம், வெட்டினதுக்குச் சம்மதம் இல்லை என்பதுதான். முழுதாகப் போடுங்கள், அல்லது அவரை விடுங்கள்.

பழைய அச்சுக்காரர் · ஓகஸ்ட் 12, மாலை 4.40

முழுதாகப் போடலாம் என்பது என் பக்கம். "ஒரு நாள் பிந்தித்தான் வந்தவை. ஆனா போகேக்கை கிணத்தடியைக் கழுவி விட்டிட்டுப் போனவை." ஐந்து சொல்தான் கூடுகிறது. அது வந்த பிறகு முதல் அம்மா சொன்ன ஏழு மணியும் கூடுதலாக நம்பும்படி ஆகும், ஏனென்றால் குறை சொல்கிறவரையும் நீங்கள் ஒளிக்கவில்லை. மூன்று பேரும் புகழ்ந்தால் "சொல்லிக் கொடுத்துச் சொல்கிறார்கள்" என்று தோன்றும். ஒருவர் முறைப்பாட்டோடு சொன்னால் அது வீட்டுப் பேச்சாகக் கேட்கும்.

ஆனால் ஓட்டோவில் அந்த வசனத்தின் முன் பாதி மட்டும் காதில் விழுந்து ஓட்டோ தாண்டிப் போனால்? அது எனக்கும் யோசனையாகத்தான் இருக்கிறது.

கேக் அக்கா · ஓகஸ்ட் 12, மாலை 5.15

திருப்பிப் போடலாமே? "கிணத்தடியைக் கழுவி விட்டிட்டுப் போனவை. ஒரு நாள் பிந்தித்தான் வந்தவை, ஆனா வேலை நல்லம்." இல்லை, "வேலை நல்லம்" என்று அவர் சொல்லவில்லை. விடுங்கள்.

நல்லூரான் · ஓகஸ்ட் 13, காலை 6.00

என் கிணறு இறைத்தாயிற்று. நன்றி தம்பி, சூப்பர் சேவை.

மோட்டர்க்காரன் · ஓகஸ்ட் 13, காலை 6.10

அண்ணை, கூப்பிட முதல் என்ன யோசித்தீர்கள்?

நல்லூரான் · ஓகஸ்ட் 13, காலை 6.40

ஏணி உள்ளே இறங்குமோ என்று. கிணற்றில் பழைய ஆமை ஒன்று இருக்கிறது, அதை என்ன செய்வீர்கள் என்றும் யோசித்தேன். வாளியில் வைத்திருந்து வேலை முடிய திருப்பி விட்டீர்கள். பேத்தி அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கேக் அக்கா · ஓகஸ்ட் 13, காலை 7.05

ஆமையைப் போடுங்கள்!!

பழைய அச்சுக்காரர் · ஓகஸ்ட் 13, காலை 9.20

நானும் சிரித்துவிட்டேன். வாட்ஸ்அப்புக்கு இது தனியாகவே போதும். ஓட்டோவில் வேண்டாம். கிணற்றில் ஆமை வளர்க்கிறவர்கள் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்தான், ஆனால் மற்றவர்களுக்கு அது எந்தப் பயத்துக்கும் பதில் அல்ல. கேட்டுச் சிரிப்பார்கள், இலக்கம் காதில் விழாது.

மோட்டர்க்காரன் · ஓகஸ்ட் 17, இரவு 9.30

இரண்டாகச் செய்துவிட்டேன். ஓட்டோவில் கோண்டாவில் அம்மாவும் மானிப்பாய்க் கடைக்காரரும் மட்டும், கடைப் பெயர் இல்லாமல். மிஞ்சின நேரத்தில் இலக்கத்தை இரண்டு தரம் சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் மூன்று பேர், இணுவில் அக்கா சொன்னது பிந்தினதோடு முழுதாக. அவருக்கு அனுப்பினேன், "இப்ப சரி" என்றார். உப்புக் கதையை எடுத்தாயிற்று. அந்த ஐயாவிடம் காரணம் சொன்னேன், அவர் இன்னமும் நாங்கள்தான் உப்பை எடுத்தோம் என்கிறார்.

வாட்ஸ்அப்பைப் பார்த்து எடுத்தவர்களில் சிலர் "ஒரு நாள் பிந்துவீங்கள் எண்டு சொல்லியிருந்தீங்கள், அப்ப வெள்ளிக்கிழமை எண்டு சொன்னா சனிக்கிழமையோ?" என்று கேட்கிறார்கள். பகிடியா உண்மையா என்று விளங்கவில்லை.

ஸ்காபரோ மாமா · ஓகஸ்ட் 17, இரவு 11.40

நான் அப்போதே சொன்னேன்.

தண்ணிக்கணக்கு · ஓகஸ்ட் 18, காலை 7.00

ஒன்று கவனியுங்கள். ஐப்பசி மழை பிடித்தால் கிணறு நிரம்பும், அடி தெரிய இறைக்க ஏலாது. அப்போதும் இதே பதிவு "கிணறு, மோட்டர், தண்ணித் தாங்கி" என்று ஓடினால் வீண் அழைப்புகள்தான் வரும்.

பழைய அச்சுக்காரர் · ஓகஸ்ட் 18, காலை 10.15

அதற்குத்தான் ஒவ்வொருவரையும் தனித்தனித் துண்டாக வைத்திருக்கச் சொல்வது. ஒக்டோபரில் அறிவிப்பாளரின் கடைசி வரியில் "மோட்டர், தண்ணித் தாங்கி" என்று மட்டும் மாற்றிப் பேசுங்கள். மானிப்பாய்க்காரரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அம்மா இரண்டாவது. கிணற்றடி வரியை எடுத்து வையுங்கள், அடுத்த ஆடிக்குத் தேவைப்படும். அப்போது அக்காவிடம் திரும்ப ஒருக்கால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.